மணமாலையை ரெசினில் பதித்துப் பரிசளிக்கலாமா?

முகூர்த்த நேரத்தில் கழுத்தில் விழுந்த மாலை மறுநாளே வாடத் தொடங்கிவிடும். சிலர் அதைப் பூஜை அறையில் சில நாள் மாட்டி வைப்பார்கள். சருகானதும் ஓடும் தண்ணீரில் விடுவதோ மரத்தடியில் போடுவதோ வழக்கம். கடந்த சில ஆண்டுகளில் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. மாலையின் பூக்களைக் காயவைத்து, கண்ணாடி போன்ற ரெசின் கட்டிக்குள் பதித்து, பெயரும் திருமணத் தேதியும் எழுதி, முதல் திருமண நாளன்று கணவனுக்கோ மனைவிக்கோ பரிசாகக் கொடுக்கிறார்கள். கோவை, சென்னை, மதுரை என்று எல்லா ஊர்களிலும் வீட்டிலிருந்தே இதைச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பரிசில் பிற பரிசுகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. புகைப்படம் அச்சிட்ட கோப்பை உடைந்தால் படம் கைப்பேசியில் இருக்கும், இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். பெயர் பொறித்த சங்கிலியின் முலாம் போனால் மறுபடி பூசலாம். மணமாலை அப்படியல்ல. அந்தப் பூ அந்த ஒரு நாளுக்குரியது. வேலை கெட்டுப்போனால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றாலும் பூவைத் திரும்பப் பெற முடியாது. பொருளின் மேல் உள்ள பிரியம் கூடக் கூட, வேலைத் தரத்தில் காட்ட வேண்டிய கண்டிப்பும் கூட வேண்டும். ‘அன்பாகக் கொடுத்தது, கொஞ்சம் குறை இருந்தால் என்ன’ என்ற பேச்சு சில குறைகளுக்குப் பொருந்தும், சில குறைகளுக்குப் பொருந்தாது. எது எதற்குப் பொருந்தும் என்று தெரிய வேண்டுமானால், இது செய்யப்படும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

ஈரம்தான் முதல் எதிரி

ரோஜா இதழில் பெரும்பகுதி தண்ணீர். அதற்கு மேல், பூக்கடையில் மாலை வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மாலை கட்டிய நாரிலும் நூலிலும் ஈரம் ஊறியிருக்கும். இந்த ஈரம் முழுவதும் போகாமல் பூவை ரெசினுக்குள் வைத்தால், வெளியேற வழியில்லாத தண்ணீர் உள்ளேயே வேலை செய்யும். பூவைச் சுற்றிப் பனி படர்ந்தது போல மங்கும். பிறகு பழுப்பு நிறம் பரவும். சில கட்டிகளில் பூஞ்சையும் வரும். கையில் வாங்கும்போது பளிச்சென்று இருந்தது மூன்றாம் மாதம் கருத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நல்ல கைவினைஞர்கள் பூக்களை மாலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, மணல் போன்ற நைசான சிலிக்கா ஜெல்லுக்குள் புதைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைப்பார்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சும். அதில் கலந்திருக்கும் நிறமணிகள், ஈரம் நிறைந்ததும் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கோ, ஆரஞ்சிலிருந்து பச்சைக்கோ மாறும். நிறம் மாறியதும் ஜெல்லை அவனில் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டு மறுபடி பயன்படுத்த வேண்டும். மாற்றாமல் விட்டால் ஜெல் வெறும் மணல்தான்.

இதழ்கள் மூன்று நான்கு நாளில் காகிதம் போலச் சலசலக்கும். அவசரக்காரர்கள் தவறுவது அங்கேதான். இதழ் காய்ந்திருக்கும், ஆனால் இதழ்கள் வந்து சேரும் தடித்த அடிப்பகுதி உள்ளே ஈரமாகவே இருக்கும். முழு ரோஜாவைப் பதிக்க வேண்டுமானால் அந்த அடிப்பகுதியும் காய வேண்டும். அதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சிறந்த வழி எடை போடுவது. இன்று போட்ட எடையும் நாளை போடும் எடையும் ஒன்றாக இருந்தால் விடுவதற்கு இனி ஈரம் இல்லை என்று பொருள்.

எந்தப் பூ நிற்கும், எந்தப் பூ நிற்காது

நம் ஊர் மணமாலைகளில் ரோஜா, சம்பங்கி, மல்லிகை, செவ்வந்தி, அரளி, மரிக்கொழுந்து எல்லாம் கலந்திருக்கும். எல்லாமே ரெசினில் ஒரே மாதிரி நிற்காது. இதை முன்பே சொல்லாத கைவினைஞரிடம் வேலை கொடுத்தவர்களுக்குத்தான் ஏமாற்றம் அதிகம்.

சிவப்பு ரோஜா காய்ந்ததும் கறுஞ்சிவப்பாகும், சில வகைகள் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். மஞ்சள் செவ்வந்தியும் சாமந்தியும் நிறத்தை நன்றாகத் தாங்கும். சிக்கல் வெள்ளைப் பூக்களில்தான். மல்லிகை காயும்போதே பழுப்பாகிவிடும். சம்பங்கி சதைப்பற்றுள்ள பூ. அதில் ஈரம் அதிகம், காய நாளாகும், காய்ந்தால் வெண்மை போய்விடும். மெல்லிய வெள்ளை இதழ் ரெசினில் ஊறினால் எண்ணெய் பட்ட தாள் போல ஒளி ஊடுருவும்.

இதனால் சிலர் வெள்ளைப் பூவுக்குப் பதிலாகத் துணிப்பூவையோ, வேறிடத்தில் வாங்கிப் பதப்படுத்திய பூவையோ சேர்க்கிறார்கள். அழகுக்காகச் சேர்ப்பதில் தவறில்லை. சொல்லாமல் சேர்ப்பதுதான் தவறு. ‘எங்கள் மாலையின் பூ எது, நீங்கள் சேர்த்தது எது’ என்று முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பரிசின் உயிரே ‘இது அன்று போட்ட மாலை’ என்பதுதான். அதில் ஐயம் வந்துவிட்டால் எத்தனை அழகாக இருந்தும் பயனில்லை.

ஊற்றும் வேலை

இந்த வேலைக்குப் பயன்படுவது எபாக்ஸி ரெசின். ஒரு புட்டியில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டும் கலந்தால்தான் இறுகும். சில தயாரிப்புகளுக்கு 1:1, சிலவற்றுக்கு 2:1, சிலவற்றுக்கு 3:1 என்று அளவு மாறும். எடைக் கணக்கா கன அளவுக் கணக்கா என்பதும் புட்டியில் எழுதியிருக்கும். கண்திட்டமாகக் கலந்தாலோ, கிண்ணத்தின் ஓரத்தை வழிக்காமல் கலக்கினாலோ, சில இடங்கள் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அப்படி நின்றது பிறகு தானாகச் சரியாவதில்லை.

இரண்டும் சேரும்போது வெப்பம் உண்டாகும். மெல்லிய அடுக்கில் அந்த வெப்பம் வெளியேறிவிடும். ஒரே முறையில் கனமாக ஊற்றினால் வெப்பம் உள்ளேயே தேங்கும். கட்டி மஞ்சளாகும், விரிசல் விடும், பூ கருகும். தடித்த கட்டிகளை அடுக்கடுக்காக ஊற்றுவது இதனால்தான். காய்ந்த பூ எடையற்றது, ரெசினில் மிதக்கும். அதனால் முதலில் மெல்லிய ஓர் அடுக்கை ஊற்றி, பூக்களை அதில் ஒட்ட வைத்து, அது பிடித்த பிறகே மேலே ஊற்றுவார்கள்.

காற்றின் ஈரமும் கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காற்றில் இறுகும் ரெசினின் மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் வரலாம். குளிரூட்டிய அறையிலோ ஈரப்பதத்தைக் குறைக்கும் கருவி வைத்த அறையிலோ வேலை செய்பவர்கள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

திருச்சியில் ஐப்பசியில் திருமணமான ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். மனைவி தன் மாலையையும் கணவனின் மாலையையும் சேர்த்து ஒரே கட்டியில் பதித்து, முதல் திருமண நாளுக்குக் கொடுக்க நினைக்கிறாள். 15 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். மேசையில் நிற்கும் அளவு.

அந்த அச்சு கொள்ளும் அளவு 1,125 மில்லி. பூக்கள் கொஞ்சம் இடம் பிடித்தாலும் ஒரு லிட்டர் அளவுக்கு ரெசின் வேண்டும். 5 சென்டிமீட்டர் உயரத்தை நான்கு அடுக்காகப் பிரித்தால், ஒவ்வொன்றும் ஒன்றேகால் சென்டிமீட்டர். ஒரு அடுக்கு பிடிக்க ஒரு நாள் என்று வைத்தால் ஊற்ற மட்டும் நான்கு நாள். அதற்கு முன் பூக்கள் காய ஒரு வாரம் முதல் பத்து நாள். ஊற்றிய பின் கட்டி உள்வரை முழுதாக இறுக இன்னொரு வாரம். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, மெருகேற்ற இரண்டு மூன்று நாள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூன்று வாரம், சில சமயம் அதற்கு மேலும்.

இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறது. ‘ஐந்து நாளில் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் ஏதோ ஒரு படியைத் தாண்டுகிறார். பெரும்பாலும் தாண்டுவது காயவைக்கும் படியைத்தான், ஏனென்றால் அதன் விளைவு உடனே தெரியாது. பரிசு கைக்கு வந்து, பணமும் கொடுத்து முடித்த பிறகுதான் தெரியும்.

அந்த மனைவி செய்ய வேண்டிய முதல் வேலை கைவினைஞரைத் தேடுவது அல்ல. மாலையைக் காப்பாற்றுவது. திருமண வீட்டுப் பரபரப்பில் மாலை ஆணியில் தொங்கியபடியே இரண்டு நாள் போய்விடும். இதழ் உதிரும், ஓரம் கருகும். அன்று மாலையே மேலிருக்கும் தண்ணீரை உதறி, காகிதத்தில் சுற்றி, காற்றுப் போக இடமுள்ள அட்டைப்பெட்டியில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் புழுங்கி அழுகும். ஃபிரீசரில் வைத்தால் இதழ் குழைந்துவிடும். ஓரிரு நாளுக்குள் கைவினைஞரிடமோ சிலிக்கா ஜெல்லுக்குள்ளோ போய்விட வேண்டும்.

இரண்டாவது, முழு மாலையையும் ஒருவரிடம் கொடுக்கக் கூடாது. பாதிப் பூவை வீட்டிலேயே காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துக்கொள்ள வேண்டும். கூரியரில் தொலைந்தாலும், கைவினைஞர் கையில் கெட்டாலும், இன்னொரு முயற்சிக்குப் பூ இருக்கும். இந்த வேலையில் இருக்கும் ஆபத்தில் பெரும்பங்கை இந்த ஒரு காரியம் குறைத்துவிடுகிறது. கட்டியின் அளவு சற்றுச் சிறிதானால் என்ன, அதன் பொருள் குறையப் போவதில்லை.

மூன்றாவது, கைவினைஞரிடம் புதிய வேலைகளின் படத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஓராண்டோ இரண்டாண்டோ ஆன பழைய கட்டி ஒன்றைக் காட்டச் சொல்ல வேண்டும். எந்த எபாக்ஸியும் வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளாகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ‘என்றும் மஞ்சளாகாது’ என்று சத்தியம் செய்பவரை விட, ‘மெதுவாக மாறும், வெயிலில் வைக்காதீர்கள்’ என்று சொல்பவர் நம்பத்தக்கவர்.

நான்காவது, பெயர். வெட்டி ஒட்டும் எழுத்துகளை வடிவமைக்கும் சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து சிதறிவிடும். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் போய் நிற்கும், புள்ளி விலகும். வேலை செய்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தும் அவசரத்தில் கவனிக்காமல் விடுவதுண்டு. ரெசினுக்குள் போன எழுத்தைத் திருத்த முடியாது. அச்சில் வைப்பதற்கு முன் எழுத்தின் படத்தை அனுப்பச் சொல்லி, ன, ண, ர, ற எல்லாம் சரியா, தேதி சரியா என்று பார்த்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். உள்ளே புகைப்படமும் வைப்பதாக இருந்தால், தாள் ரெசினை உறிஞ்சாதபடி இருபுறமும் பூச்சுக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் தாள் திட்டுத்திட்டாகக் கறுக்கும், மை கசியும்.

வளரும் குறை, வளராத குறை

கட்டி கைக்கு வந்துவிட்டது. கையால் செய்ததில் குறையே இருக்காது என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பார்க்க வேண்டியது, அந்தக் குறை நாளுக்கு நாள் வளருமா, அப்படியே நிற்குமா என்பது.

ஊசிமுனை அளவு காற்றுக்குமிழிகள், இதழின் அடியில் காற்று சிக்கியதால் வெள்ளி போலத் தெரியும் ஒரு மினுமினுப்பு, பூ சற்றுச் சாய்ந்திருப்பது, ஓரத்தில் ஒரு மெல்லிய கீறல், இவையெல்லாம் வளராத குறைகள். இன்று எப்படி இருக்கிறதோ பத்து ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும். கீறலை மெருகேற்றிச் சரிசெய்யவும் முடியும். கறுத்த ரோஜாவும் பழுப்பான சம்பங்கியும் குறைகளே அல்ல, அந்தப் பூவின் இயல்பு. ‘கொடுத்த மனசைப் பாருங்கள்’ என்ற பேச்சு இங்கே முழுதாகப் பொருந்தும். இவற்றுக்காகச் சண்டை போடுபவர்கள் தொழிற்சாலைப் பொருளைத் தேடியிருக்க வேண்டியவர்கள்.

வளரும் குறைகள் மூன்று. முதலாவது, பூவைச் சுற்றி மங்கலான வளையமோ பழுப்புக் கசிவோ தெரிவது. உள்ளே ஈரம் இருக்கிறது. இரண்டாவது, நகத்தால் அழுத்தினால் தடம் பதிவது, விரலில் பிசுபிசுப்பு ஒட்டுவது, வாரங்கள் கழித்தும் காரமான மணம் வருவது. ரெசின் சரியாக இறுகவில்லை. நன்றாக இறுகிய எபாக்ஸியில் மணம் ஏறக்குறைய இருக்காது. மூன்றாவது, வாங்கும்போதே மஞ்சள் சாயல் இருப்பது. வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். இந்த மூன்றையும் பிரியத்தின் பெயரால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுதோறும் அந்தப் பொருள் அசிங்கமாகிக்கொண்டே போகும், தூக்கிப் போடவும் மனம் வராது, வைத்துப் பார்க்கவும் மனம் வராது. நினைவுப் பொருள் வருத்தப் பொருளாக மாறிவிடும்.

இதனால் பரிசளிக்கும் நாளுக்கு முதல் நாள் கட்டி வந்து சேரும்படி ஏற்பாடு செய்யக் கூடாது. இரண்டு மாதம் முன்பே வாங்கி வைத்துக் கவனிக்க வேண்டும். ஈரத்தின் அடையாளம் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தென்பட்டுவிடும். குறை வளர்கிறது என்று தெரிந்தால், பிரித்து வைத்த பாதிப் பூவைக் கொண்டு மறுபடி செய்ய அவகாசம் இருக்கும்.

பெரும்பாலான கைவினைஞர்கள் தனிப்பட்ட முறையில் செய்யும் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முன்பே சொல்லிவிடுவார்கள். உங்கள் பெயர் எழுதிய கட்டியை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால் அது நியாயம்தான். ஆனால் மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, குறையுள்ள வேலை வேறு. வேலையே குறையுள்ளதாக இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பேசிய செய்திகள், ரசீது, பூவைக் கொடுத்தபோதும் கட்டி வந்தபோதும் எடுத்த படங்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ரெசின்தான் வேண்டுமா?

ரெசின் ஒரு வழிப்பாதை. உள்ளே போனதை வெளியே எடுக்க முடியாது. மூடியைத் திறக்கக்கூடிய ஆழமான கண்ணாடிச் சட்டத்தில் காய்ந்த பூக்களை அடுக்கி, பின்புறம் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால், அதுவும் பல ஆண்டுகள் நிற்கும். பார்வைக்கு ரெசின் அளவு பளபளப்பு இருக்காது. ஆனால் ஒரு பூ உதிர்ந்தால் திறந்து சரிசெய்யலாம், ஜெல்லை மாற்றலாம். மாலையில் மல்லிகையும் சம்பங்கியும் அதிகமாக இருந்தால், பூ அதிக நாள் வாடிய பிறகே யோசனை வந்திருந்தால், சட்டமே மேல் என்பது என் கருத்து. ரோஜாவும் செவ்வந்தியும் மிகுந்த மாலை, உடனே காயவைக்கப்பட்டிருந்தால், ரெசின் அழகாக அமையும்.

தானே வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மணமாலைப் பூவில் கை வைப்பதற்கு முன், அதே வகைப் பூவைக் கடையில் வாங்கிச் சிறிய அச்சில் செய்து பார்க்க வேண்டும். இறுகாத எபாக்ஸி தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஒரு முறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும். நைட்ரைல் கையுறை போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும்.

செய்து முடித்த கட்டியைச் சன்னல் ஓரத்திலும், வெயிலில் நிறுத்தும் காரிலும் வைக்கக் கூடாது. பல கலைப்பொருள் ரெசின்கள் 50, 60 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். சூடான காபி டம்ளரை மேலே வைத்தால் வட்டமாகத் தடம் விழும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று. மாலை இருவருக்கும் பொதுவானது. மாலையை ஆற்றில் விட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. கணவனோ மனைவியோ அப்படி நினைப்பவராக இருந்தால், சொல்லாமல் செய்யும் ஆச்சரியப் பரிசு மனவருத்தத்தில் முடியலாம். என்ன வடிவம், என்ன எழுத்து என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். மாலையை வைத்துக்கொள்ளலாமா என்பதை மட்டும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விரைவில் திருமணம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கைவினைஞரை முகூர்த்தத்துக்கு முன்பே பேசி வையுங்கள், மாலையை அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள், பாதிப் பூவை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.